பொங்கும் நுரையும் ஒரு சொட்டு எண்ணெயும்

பருப்பு வேகும்போது நுரை பொங்கி மூடியைத் தள்ளும். அந்த நேரத்தில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டால் பொங்கியது அடங்கிவிடும். வெல்லம் காய்ச்சும் இடத்திலும் இதே பழக்கம் உண்டு. கொப்பரையில் கரும்புச் சாறு நுரைத்து எழுந்தால், கொஞ்சம் ஆமணக்கெண்ணெயோ கடலை எண்ணெயோ விடுவார்கள். அத்தனை நுரையை அடக்க இத்தனை சிறிய அளவு எண்ணெய் எப்படிப் போதுகிறது? விடை தெரிய வேண்டுமானால், நுரை எதனால் நிற்கிறது என்பதை முதலில் பார்க்க வேண்டும்.

ஒரு பாட்டிலில் பாதியளவு நல்ல தண்ணீர் விட்டுக் குலுக்குங்கள். குமிழிகள் வரும், வந்த வேகத்திலேயே உடைந்துபோகும். பாத்திரம் கழுவும் திரவம் ஒரு சொட்டு விட்டு மறுபடி குலுக்கினால், நுரை வெகுநேரம் நிற்கும். அந்தத் திரவத்தின் மூலக்கூறு ஒவ்வொன்றுக்கும் ஒரு தலையும் ஒரு வாலும் உண்டு. தலைக்குத் தண்ணீர் பிடிக்கும், வாலுக்குப் பிடிக்காது. அதனால் அவை தலையைத் தண்ணீருக்குள்ளும் வாலைக் காற்றிலும் நீட்டியபடி நீரின் மேற்பரப்பில் வரிசையாக நிற்கின்றன. குமிழிக்கும் குமிழிக்கும் நடுவே இருப்பது ஒரு மெல்லிய நீர்ப்படலம். அதன் இரு பக்கங்களிலும் இந்த மூலக்கூறுகள் காவல் நிற்கின்றன.

இந்தக் காவல் எப்படி வேலை செய்கிறது? படலம் ஓரிடத்தில் நீண்டு மெலிகிறது என்று வைத்துக்கொள்வோம். அங்கே சோப்பு மூலக்கூறுகள் கலைந்து இடைவெளி விழும். சோப்பு குறைந்த இடத்தில் நீரின் பரப்பு இழுவிசை கூடும். கூடிய இழுவிசை சுற்றியுள்ள பரப்பைத் தன் பக்கம் இழுக்கும். அந்தப் பரப்போடு ஒட்டியிருக்கும் தண்ணீரும் கூடவே வரும். மெலிந்த இடம் மறுபடி தடிக்கும். அதாவது, படலம் தன் காயத்தைத் தானே ஆற்றிக்கொள்கிறது. இத்தாலிய இயற்பியலாளர் கார்லோ மாரங்கோனி 19ஆம் நூற்றாண்டில் ஆராய்ந்ததால் இது மாரங்கோனி விளைவு எனப்படுகிறது. வெறும் தண்ணீரில் இழுவிசை எல்லா இடத்திலும் ஒன்றுதான். ஆற்றுவதற்கு வழியில்லாததால் மெலிந்த இடம் கிழிந்துபோகிறது.

ஆனாலும் எந்த நுரையும் நிரந்தரமில்லை. படலத்திலுள்ள தண்ணீர் கீழே வடிந்துகொண்டே இருக்கும். சோப்புக் குமிழியில் தெரியும் வானவில் நிறங்கள் இந்த வடிதலைக் காட்டுபவை. படலத்தின் தடிமன் மாற மாற நிறமும் மாறும். உச்சியில் நிறம் மறைந்து கருமை படர்ந்தால், அந்த இடம் தலைமுடிப் பருமனில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் கீழே மெலிந்துவிட்டது என்று பொருள். அப்போதும் அது உடனே உடைவதில்லை. சலவைத்தூளில் உள்ள பெரும்பாலான நுரைப்பொருட்களின் தலைகளில் மின்னூட்டம் உண்டு. இரு பக்கத்துத் தலைகளும் ஒரே வகை மின்னூட்டம் கொண்டவை என்பதால் ஒன்றையொன்று தள்ளி, படலம் ஒட்டிப்போகாமல் காக்கின்றன.

பியர் நுரைக்கு இன்னொரு எதிரியும் உண்டு. சிறிய குமிழிக்குள் அழுத்தம் அதிகம், பெரிய குமிழிக்குள் குறைவு. அதனால் சிறியதில் உள்ள வாயு படலத்தில் கரைந்து, ஊடுருவிப் பெரியதற்குள் போகும். சிறியது சுருங்கி மறைய, பெரியது மேலும் பெரிதாகும். பியரில் இருப்பது கார்பன் டை ஆக்சைடு. அது தண்ணீரில் நன்றாகக் கரைவதால் இந்த இடமாற்றம் வேகமாக நடக்கிறது. இதைத் தாமதப்படுத்துபவை பார்லியிலிருந்து வரும் புரதங்களும், ஹாப் பூவிலிருந்து வரும் கசப்புப் பொருட்களும். இரண்டும் சேர்ந்து குமிழியைச் சுற்றி விறைப்பான தோல்போலப் படிகின்றன. கின்னஸ் நிறுவனம் 1959இல் வேறு வழியைக் கண்டது: வாயுவையே மாற்றியது. நைட்ரஜன் தண்ணீரில் மிகக் குறைவாகவே கரையும். அதைச் சேர்த்ததும் சிறு குமிழிகள் சிறியனவாகவே நீடித்து, பாலாடைபோல அடர்ந்த நுரை கிடைத்தது. அதே நுரை, கிளாஸ் சரியாகக் கழுவப்படாமல் எண்ணெய்ப் பிசுக்கு ஒட்டியிருந்தால் சட்டென்று அமுங்கிவிடும்.

பருப்பில் நடப்பதும் இதுதானே! எண்ணெய்தான் நுரையின் பகைவன். தொழிற்சாலைகளில் இதற்கென்றே ஆன்டிஃபோம் என்ற பொருளைச் சேர்க்கிறார்கள். பெரும்பாலும் அது சிலிக்கோன் எண்ணெய். அதற்குள் தண்ணீர் ஒட்டாதபடி பக்குவப்படுத்திய நுண்ணிய சிலிக்கா தூள் கலந்திருக்கும். ஆயிரம் லிட்டர் திரவத்துக்கு 10 முதல் 100 கிராம் வரை பெரும்பாலும் போதும்.

அதன் ஒரு துளியைப் பின்தொடர்வோம். துளி நீரில் கரையாமல் மிதந்து நீர்ப்படலத்துக்குள் வருகிறது. படலம் மெலிய மெலிய, துளி இரு பரப்புகளுக்கும் நடுவே நெருக்கப்படுகிறது. ஆனாலும் துளிக்கும் காற்றுக்கும் இடையே மிக மெல்லிய நீர்த்தோல் ஒன்று மிஞ்சியிருக்கும். சோப்பு அந்தத் தோலையும் காக்கும். இங்கேதான் சிலிக்கா துகள் தேவைப்படுகிறது. துளியிலிருந்து துருத்திக்கொண்டிருக்கும் அதன் கூரான முனை நீர்த்தோலைக் குத்திக் கிழிக்கிறது. எண்ணெய் காற்றைத் தொடுகிறது. மறுபக்கமும் இதேபோல் கிழிந்ததும், படலத்தின் இரு பக்கங்களையும் இணைத்து ஓர் எண்ணெய்ப் பாலம் அமைகிறது. அந்தப் பாலம் நிலைக்காது. பரப்பு விசைகள் அதைப் பக்கவாட்டில் இழுக்க, நடுவில் மெலிந்து அறுகிறது. சோப்பு ஓடிவந்து ஆற்றக்கூடிய காயம் நீரில் விழுந்த காயம் மட்டுமே. எண்ணெயில் விழுந்த ஓட்டையை அதனால் அடைக்க முடியாது. இதெல்லாம் நடந்து முடியச் சில விநாடிகள் போதும்.

சிலிக்கா இல்லாத வெறும் எண்ணெய், நல்ல சோப்பு நுரையில் நீர்த்தோலைச் சுலபமாகக் கிழிப்பதில்லை. படலத்திலிருந்து நழுவி, குமிழிகள் சந்திக்கும் மூலைக் கால்வாய்களில் போய்த் தங்கும். தண்ணீர் வடிந்து அந்தக் கால்வாய் குறுகி நெருக்கிய பிறகே நுரையை உடைக்கும். இதற்கு நிமிடக்கணக்கில் ஆகும்.

ஆன்டிஃபோமும் ஓய்ந்துபோகும். குமிழிகளை உடைத்துக்கொண்டே இருக்கும்போது எண்ணெயும் சிலிக்காவும் மெல்லப் பிரியும். கடைசியில் ஒரு பக்கம் துகளில்லாத துளிகள், மறுபக்கம் எண்ணெயில்லாத துகள் கட்டிகள். இரண்டுமே தனியாக உதவாதவை. முதலில் உடனே அடங்கிய நுரை, பிறகு அடங்க நேரம் எடுத்துக்கொண்டே போனால் இதுதான் நடக்கிறது என்று அறியலாம். அப்போது கொஞ்சம் புதிய எண்ணெயை மட்டும் சேர்த்தாலே அது மறுபடி வேலை செய்யத் தொடங்குவதை ஆய்வுகளில் கண்டிருக்கிறார்கள்.

இதே சிலிக்கோனும் சிலிக்காவும் சேர்ந்த கலவைதான் சிமெத்திகோன் என்ற பெயரில் வாயுத் தொல்லை மருந்துகளில் இருக்கிறது. உடலில் கலக்காமல் வயிற்று நுரையை மட்டும் உடைத்து வெளியேறிவிடும். முன்பக்கக் கதவுள்ள வாஷிங் மெஷினுக்கான சலவைத்தூளிலும் ஆன்டிஃபோம் சேர்க்கிறார்கள். அந்த மெஷின் துணியை மேலே தூக்கிக் கீழே போட்டுத்தான் அழுக்கை எடுக்கிறது. நுரை நிறைந்தால் துணி மெத்தையில் விழுவதுபோல விழும், அழுக்கு போகாது. அழுக்கை எடுப்பது தண்ணீரில் உள்ள மூலக்கூறுகள்தான், மேலே மிதக்கும் நுரையல்ல. ஆகவே அந்த மெஷினில் கைச்சலவைத் தூளைப் போடாதீர்கள். அதற்கென்றே தயாரித்த தூளைப் போட்டுவிட்டு, நுரை வரவில்லையே என்று இன்னொரு கரண்டி சேர்க்காதீர்கள்.