நடுச்சூட்டில் ஒரு மேடு

நைட்ரிக் ஆக்சைடு மூலக்கூறின் எலக்ட்ரான்களுக்கு அடுத்தடுத்து இரண்டு ஆற்றல் மட்டங்கள் உண்டு. அவற்றின் இடைவெளியை வெப்பநிலையாகச் சொன்னால் சுமார் 174 கெல்வின். எத்தனை மூலக்கூறுகள் மேல்மட்டத்தில் இருக்கும்? இடைவெளியை வெப்பநிலையால் வகுத்து வரும் x-ஐக் கொண்டு e⁻ˣ என்ற போல்ட்ஸ்மான் காரணியைக் கணக்கிட்டால், மேல்மட்டத்துக்கும் கீழ்மட்டத்துக்கும் உள்ள விகிதம் கிடைத்துவிடும்.

174 கெல்வினில் அந்த விகிதம் 0.37. அதாவது நூற்றில் 27 மேலே, 73 கீழே. சராசரி ஆற்றலும் இடைவெளியில் 27 சதவீதம். 17 கெல்வினில் லட்சத்தில் மூன்று நான்குதான் மேலே. 1740 கெல்வினிலோ ஏறக்குறைய 48 சதவீதம். எவ்வளவு சூடேற்றினாலும் பாதியைத் தாண்டாது.

வெப்ப ஏற்புத்திறன் என்பது ஒரு டிகிரி கூட்டும்போது ஆற்றல் எவ்வளவு கூடுகிறது என்பதே. கடுங்குளிரில் மேலே ஏற மூலக்கூறுகளுக்கு வலுவில்லை. பெருஞ்சூட்டில் மேல்மட்டம் ஏற்கெனவே நிரம்பிவிட்டது. ஆகவே இடையில், சுமார் 73 கெல்வினில் அது உச்சம் தொடுகிறது. இதற்கு ஷாட்கி மேடு என்று பெயர்.

ஆனால் 121 கெல்வினிலேயே இந்த வாயு திரவமாகிவிடும். அதனால் வாயுவில் மேட்டின் இறங்குபக்கம் மட்டுமே தெரியும்: குளிர்விக்கக் குளிர்விக்க, வெப்ப ஏற்புத்திறனில் எலக்ட்ரான்களின் பங்கு கூடிக்கொண்டே போகும்.