விசை யார் கையில்?

கட்டுப்பாடு இழந்த டிராம் ஒன்று பாய்ந்து வருகிறது. நேரே போனால், தண்டவாளத்தில் வேலை செய்துகொண்டிருக்கும் ஐந்து பேர் சாவார்கள். பக்கத்துத் தடத்தில் திருப்பிவிட்டால், அங்கே நிற்கும் ஒருவர் சாவார். திருப்பலாமா, கூடாதா? தத்துவம் படிக்காதவர்களும் கேள்விப்பட்ட புதிர் இது. ஆனால் சொல்லுகிறவர்கள் பெரும்பாலும் ஒரு விவரத்தைக் கோட்டை விட்டுவிடுகிறார்கள். டிராமைத் திருப்பப்போவது யார்? அதை ஓட்டிவந்தவரா, அந்தப் பக்கமாக வந்த யாரோ ஒருவரா? ஐந்தா ஒன்றா என்ற கணக்கை எல்லோரும் போடுகிறார்கள். புதிரின் உயிர் இந்த இன்னொரு கேள்வியில் இருக்கிறது.

முதலில் இதை எழுதியவர் பிலிப்பா ஃபுட். ஆக்ஸ்ஃபோர்டு தத்துவ ஆசிரியர். 1967-இல் கருக்கலைப்பு பற்றி அவர் எழுதிய கட்டுரையில் டிராம் வந்து போவது சில வரிகளில்தான். அந்த வரிகளில் விசை ஓட்டுநர் கையில் இருக்கிறது. அதோடு சேர்த்து ஃபுட் இன்னொரு சம்பவத்தையும் வைத்தார். ஒரு குற்றத்துக்குப் பழி தீர்க்கச் சொல்லி ஒரு கும்பல் வெறிகொண்டு நிற்கிறது. குற்றவாளி அகப்படவில்லை. யாரையாவது தண்டிக்காவிட்டால் தாங்கள் பிடித்து வைத்திருக்கும் ஐந்து பேரைக் கொன்றுவிடுவோம் என்கிறார்கள். நிரபராதி ஒருவன் மீது பழியைப் போட்டுத் தூக்கில் ஏற்றினால் அந்த ஐந்து பேர் பிழைப்பார்கள். நீதிபதி அதைச் செய்யலாமா? இங்கேயும் ஐந்துக்கு ஒன்றுதான். இருந்தும் ஓட்டுநர் திருப்பலாம் என்று சொல்லும் அதே வாய், நீதிபதி கூடவே கூடாது என்கிறது. ஏன்?

ஃபுட் தந்த விடை எளிமையானது. நமக்கு இரண்டு வகைக் கடமைகள் உண்டு. ஒன்று, பிறருக்குத் தீங்கு செய்யாமல் இருப்பது. மற்றொன்று, ஆபத்தில் இருப்பவருக்கு உதவுவது. முதலாவது இரண்டாவதைவிட வலியது. நீதிபதி எதுவும் செய்யாவிட்டால், ஐந்து பேரைக் கொல்லுவது கும்பல். அவர் மீது விழுவது, காப்பாற்றவில்லை என்ற குறை மட்டும். நிரபராதியைத் தூக்கிலிட்டாலோ, அவரே கொலை செய்தவர் ஆகிறார். ஓட்டுநரின் நிலை வேறு. டிராம் அவருடையது, அவர் ஓட்டிவந்தது. நேரே விட்டால் அவர் ஐந்து பேரைக் கொன்றவர், திருப்பினால் ஒருவரைக் கொன்றவர். இரண்டு பக்கமும் தீங்கு செய்யாதே என்ற கடமையே நிற்பதால், குறைந்த தீங்கை அவர் தேர்ந்தெடுக்கலாம். செய்வதற்கும் நடக்க விடுவதற்கும் இடையே கோடு கிழிக்க ஃபுட்டுக்கு இந்த ஓட்டுநர் தேவைப்பட்டார்.

இது வகுப்பறைக் கதை என்று நினைப்பவர்கள் 2003 ஜூன் மாதம் கலிபோர்னியாவில் நடந்ததைப் பார்க்கலாம். மான்ட்கிளேர் என்ற இடத்தில் ஒரு ரயில்வே நிறுவனத்தின் யார்டில் நிறுத்தியிருந்த 31 சரக்குப் பெட்டிகள், கைப்பிரேக் போதுமான அளவில் போடப்படாததால் எஞ்சின் இல்லாமலே உருண்டு கிளம்பின. லாஸ் ஏஞ்சலஸ் நகரை நோக்கிச் சுமார் 45 கிலோமீட்டர் சரிவில் ஓடி வேகம் பிடித்தன. மக்கள் நெருக்கமான நகர மையத்துக்குள் அவை புகுந்துவிடக் கூடாது என்று, கட்டுப்பாட்டு அறையில் இருந்தவர்கள் காமர்ஸ் என்ற ஊரில் ஒரு பக்கத் தடத்துக்குப் பெட்டிகளைத் திருப்பினார்கள். அங்கே பெட்டிகள் தடம்புரண்டு, மர லோடு அருகிலிருந்த வீடுகள் மேல் சரிந்தது. அந்த வீட்டுக்காரர்களுக்கு முன்கூட்டி எந்த எச்சரிக்கையும் போகவில்லை. பலர் காயப்பட்டார்கள், அதிர்ஷ்டவசமாக யாரும் சாகவில்லை. ஃபுட்டின் கண்ணால் பார்த்தால் அந்த நிறுவனம் நீதிபதி அல்ல, ஓட்டுநர். பெட்டிகள் அவர்களுடையவை, பிரேக் போடாத குறையும் அவர்களுடையது. திருப்பாமல் விட்டிருந்தாலும் நகரத்தில் நடந்திருக்கக்கூடிய நாசம் அவர்கள் கணக்கில்தான் சேர்ந்திருக்கும். திருப்பியது சரி என்றே எனக்குப் படுகிறது. அந்தத் தெருவுக்கு ஒரு தகவல் சொல்லாமல் விட்டது வேறு கணக்கு.

ஓட்டுநரை இறக்கிவிட்டவர் அமெரிக்கத் தத்துவவாதி ஜூடித் ஜார்விஸ் தாம்சன். 1976-இல் ஓட்டுநரை அதிர்ச்சியில் சாக வைத்து, விசையை ஒரு பயணியிடம் கொடுத்தார். 1985-இல் அந்தப் பயணியும் போய், தண்டவாளத்தின் ஓரமாக நடந்துவரும் வழிப்போக்கர் வந்தார். அவர் பக்கத்தில் தடம் மாற்றும் விசை இருக்கிறது. டிராமுக்கும் அவருக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. அவர் கையைக் கட்டிக்கொண்டு நின்றால் ஐந்து பேர் சாவார்கள், ஆனால் கொன்றது அவர் இல்லை. விசையை இழுத்தால் ஒருவர் சாவார், அவரைக் கொன்றது இவர்தான். ஃபுட்டின் கோட்டின்படி பார்த்தால் இழுக்கக் கூடாது. ஆனால் கேட்டவர்களில் பெரும்பாலோர் இழுக்கலாம் என்கிறார்கள். 2020-இல் வெளியான ஓர் ஆய்வு, 42 நாடுகளில் 70,000 பேரிடம் இப்படிப்பட்ட கேள்விகளைக் கேட்டது. விசையை இழுக்கலாம் என்றவர்கள் 81 சதவீதம்.

அப்படியானால் கோடு எங்கே? ஒருவரை மேம்பாலத்திலிருந்து கீழே தள்ளி, அவர் உடம்பால் டிராமை நிறுத்தி ஐந்து பேரைக் காப்பாற்றலாமா என்று கேட்டால் பலர் பின்வாங்குகிறார்கள். அதே ஆய்வில் ஆதரவு 51 சதவீதத்துக்கு இறங்கியது. மேம்பாலத்தில் அந்த மனிதரை ஒரு கருவியாகப் பயன்படுத்துகிறோம், விசையில் அப்படி இல்லை, வந்துகொண்டிருந்த ஆபத்தை வேறு பக்கம் ஒதுக்குகிறோம். அதுதான் வித்தியாசம் என்று ஒரு விளக்கம் உண்டு. தாம்சன் அதற்கும் ஒரு பொறி வைத்தார். பக்கத் தடம் வளைந்து வந்து, மறுபடியும் அந்த ஐந்து பேர் இருக்கும் தடத்தில் பின்புறமாகச் சேர்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பக்கத் தடத்தில் நிற்பவர் பருமனானவர். டிராம் அவர் மேல் மோதி நின்றுவிடும். அவர் அங்கே இல்லாவிட்டால் டிராம் சுற்றி வந்து ஐந்து பேரையும் கொன்றுவிடும். ஆக, ஐந்து பேர் பிழைப்பது அவர் உடம்பால்தான்; அவர் கருவிதான். இருந்தும் கூடுதலாகச் சில அடி தண்டவாளம் போட்டதால் அறம் எப்படி மாறும் என்று கேட்டார் தாம்சன். மேலே சொன்ன ஆய்வில் இந்த வளைவுத் தடத்துக்கு 72 சதவீதம் பேர் ஒப்புதல் சொன்னார்கள்.

மேம்பாலத்தில் நாம் தயங்குவதற்குக் காரணம் அறம்தானா என்ற சந்தேகத்தை, உளவியலாளர் ஜோஷுவா கிரீனும் அவருடைய சகாக்களும் 2009-இல் வெளியிட்ட சோதனை கிளப்பியது. கையால் தள்ளுவதை ஏற்றவர்கள் 31 சதவீதம். நீண்ட கம்பால் தள்ளுவதை ஏற்றவர்கள் 33. பாலத்தின் தரைக்கதவை ஒரு பொத்தானால் திறந்து அந்த மனிதரை விழச்செய்வது என்றால், பொத்தான் அவர் அருகில் இருந்தால் 59, தொலைவில் இருந்தால் 63. நான்கிலும் ஒரு மனிதர் கொல்லப்படுகிறார், அதே காரணத்துக்காக, அதே விதமாகப் பயன்படுத்தப்பட்டு. எண்ணைப் பெரிதாக மாற்றியது, நம் தசையின் பலம் அவர் மேல் படுகிறதா என்பது மட்டும். செய்வதா, நடக்க விடுவதா என்ற கேள்விக்கு விடை சொல்வதாக நினைத்துக்கொண்டு, கையில் உணரும் அழுத்தத்தைப் பற்றித்தான் நாம் பாதி நேரம் பேசிக்கொண்டிருக்கிறோம். ஆகவே கருத்துக்கணிப்பை அறத்தின் தீர்ப்பாக எடுத்துக்கொள்ள முடியாது.

தாம்சனும் எடுத்துக்கொள்ளவில்லை. 2008-இல் எழுதிய கட்டுரையில் தன் 1985 முடிவைத் தானே திரும்பப் பெற்றார். தன் துறையில் ஆய்வு செய்த ஒரு மாணவரின் ஆய்வேடு அவரை யோசிக்க வைத்தது. இந்த முறை அவர் மூன்றாவது தடம் ஒன்றைப் போட்டார். வழிப்போக்கருக்கு மூன்று வழிகள்: சும்மா இருக்கலாம், ஐந்து பேர் சாவார்கள். வலப்பக்கம் திருப்பலாம், அங்கே நிற்பவர் சாவார். இடப்பக்கம் திருப்பலாம், வழிப்போக்கரே நிற்கும் தடம் அது, அவர் சாவார்.

ஐந்து பேரைக் காப்பாற்ற வேண்டும் என்று அவ்வளவு துடிக்கிறவர், தன் பக்கம் திருப்பிக்கொள்ள வழி இருக்கும்போது வலப்பக்கம் திருப்புவது எப்படி நியாயம்? தான் கொடுக்கத் தயாராக இல்லாத விலையை இன்னொருவர் தலையில் கட்டுகிறார். அதுவரை எல்லோரும் ஒப்புக்கொள்வார்கள். தாம்சன் அடுத்த படியையும் ஏறினார். முன்பின் தெரியாத ஐந்து பேருக்காக உயிரைக் கொடுக்க வேண்டும் என்ற கடமை யாருக்கும் இல்லை. வழிப்போக்கருக்கு இல்லை என்றால் வலத்தடத்தில் நிற்பவருக்கும் இல்லை. இரண்டே தடங்கள் இருக்கும் பழைய புதிரில் மட்டும், அந்தத் தியாகத்தை அவரைக் கேட்காமலே அவரிடமிருந்து பிடுங்கிக்கொள்ள வழிப்போக்கருக்கு உரிமை எங்கிருந்து வந்தது? ஆகவே வழிப்போக்கர் விசையைத் தொடக் கூடாது, ஓட்டுநர் திருப்பலாம். சுற்றிச் சுற்றி 41 ஆண்டுகளுக்குப் பிறகு ஃபுட் கிழித்த கோட்டுக்கே வந்துசேர்ந்தார்.

எனக்கு இதில் முழு உடன்பாடு இல்லை. பெல்ஜியத்தின் கென்ட் பல்கலைக்கழகத்தில் 2018-இல் செய்த சோதனை உறுத்துகிறது. ஒரு கூண்டில் ஐந்து எலிகள், இன்னொன்றில் ஒன்று. சில நொடிகளில் ஐந்துக்கும் கடும் மின்னதிர்ச்சி பாயும்; பொத்தானை அழுத்தினால் ஒற்றை எலிக்குப் போகும் என்று சோதனைக்கு வந்தவர்களிடம் சொன்னார்கள். மின்சாரம் உண்மையில் எதற்கும் பாயவில்லை, அது வந்தவர்களுக்குத் தெரியாது. கற்பனையாகக் கேட்டபோது 66 சதவீதம் பேர் அழுத்துவோம் என்றார்கள். எலிகள் கண்முன் நின்றபோது அழுத்தியவர்கள் 84 சதவீதம். எலி மனிதர் ஆகாது, மின்னதிர்ச்சி சாவும் ஆகாது. ஆனாலும், பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருப்பதும் ஒரு செயல் என்று அந்த நொடியில் பலருக்குத் தோன்றியிருக்கிறது.

கோடு நிஜமாகவே வழுக்கும் இடம் தீவிர சிகிச்சைப் பிரிவு. வென்டிலேட்டரை மருத்துவர் நிறுத்தினால், சாக விட்டதாகச் சட்டம் கொள்கிறது. நம் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு 2018-இல் கண்ணியமான மரணத்துக்கு வழிவிட்டபோதும், ஊசி போட்டுச் சாகடிப்பதை அனுமதிக்கவில்லை. சிகிச்சையை விலக்குவதையே நிபந்தனைகளோடு அனுமதித்தது. ஆனால் சொத்துக்கு ஆசைப்படும் உறவினன் இரவில் நுழைந்து அதே பொத்தானை அழுத்தினால் அது கொலை. விரல் அசைவு ஒன்றுதான். வித்தியாசம் எங்கே என்பதற்கு தத்துவவாதி ஜெஃப் மக்மஹன் 1993-இல் ஒரு வழி காட்டினார். காப்பாற்றிக்கொண்டிருக்கும் உதவி யாருடையது, அது இன்னும் அவர் தொடர்ந்து தரவேண்டியதாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். தான் தந்துகொண்டிருக்கும் உதவியைத் தானே நிறுத்துபவர் நடக்க விடுகிறார். இன்னொருவர் தரும் உதவியைப் பிடுங்குபவர் கொல்கிறார்.

நியூயார்க் மாநிலம் 2015-இல் வெளியிட்ட வென்டிலேட்டர் ஒதுக்கீட்டு வழிகாட்டுதலை இந்தக் கோட்டின் மேல் வைத்துப் பாருங்கள். பெருந்தொற்றில் கருவி போதாமல் போனால், பொருத்தப்பட்ட நோயாளியை 48 மணி நேரத்திலும் 120 மணி நேரத்திலும் மறுமதிப்பீடு செய்ய வேண்டும்; தேறும் அறிகுறி இல்லையென்றால் கருவியை எடுத்து இன்னொருவருக்குக் கொடுக்கலாம். கருவி மருத்துவமனையுடையது; அதைத் திரும்ப எடுப்பது உதவியை நிறுத்துவது என்று வாதாடலாம். ஆனால் வீட்டிலேயே பல ஆண்டுகளாக வென்டிலேட்டருடன் வாழ்பவர் மருத்துவமனைக்கு வந்தால், அவரும் இதே மதிப்பீட்டுக்கு உட்படுவார் என்றது அந்த வழிகாட்டுதல். 2020-இல் கொரோனா பரவியபோது மாற்றுத்திறனாளிகள் அமைப்பு ஒன்று இதை எதிர்த்து வழக்கே போட்டது. தாங்கள் சொந்தமாகக் கொண்டுவந்த மூச்சை வாசலிலேயே பிடுங்கிவிடுவார்களோ என்று அஞ்சி, உடம்பு சரியில்லாமல் போனாலும் மருத்துவமனைப் பக்கம் போக வீட்டில் வென்டிலேட்டருடன் வாழ்பவர்கள் தயங்கினார்கள்.