விலைப் பத்தியில் தெருப் பெயர்

கடையின் சரக்குப் பட்டியலை சி.எஸ்.வி. கோப்பாக எழுதுகிறார் ஒருவர் என்று வைத்துக்கொள்வோம். எண், பொருள், முகவரி, விலை என நான்கு பத்திகள்.

```
101,43" டிவி,12, வடக்குத் தெரு
மதுரை,28500
```

எக்செலில் திறந்தால் விலைப் பத்தியில் தெருப் பெயர் நிற்கிறது. முகவரிக்குள் இருந்த கமா, பத்திகளைப் பிரிக்கும் கமாவாகிவிட்டது. முகவரியின் நடுவே தட்டிய என்டர், புதிய வரிசையைத் தொடங்கி மதுரையை எண் பத்தியிலும் 28500-ஐப் பொருள் பத்தியிலும் போட்டுவிட்டது. முதல் வரியில் நான்கு பத்திகள் இருப்பதால் மேலோட்டமாகப் பார்ப்பவருக்குப் பிழையும் தெரியாது.

இதற்கான விதிகளை 2005-இல் வெளியான ஆர்.எஃப்.சி. 4180 என்ற ஆவணம் தொகுத்துச் சொல்கிறது. செல்லுக்குள் கமா, இரட்டை மேற்கோள், வரிமுறிவு ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று இருந்தால், அந்தச் செல் முழுவதையும் இரட்டை மேற்கோளுக்குள் வைக்க வேண்டும். உள்ளே ஏற்கெனவே மேற்கோள் இருந்தால் அதை இரண்டாக எழுத வேண்டும்.

```
101,"43"" டிவி","12, வடக்குத் தெரு
மதுரை",28500
```

கண்ணுக்கு இரண்டு வரி; படிக்கும் நிரலுக்கு ஒரே வரிசை.

செய்யும் முறைவரிசை முக்கியம். முதலில் உள்ளிருக்கும் மேற்கோள்களை இரட்டித்து, அதன் பிறகே வெளி மேற்கோளைச் சேர்க்க வேண்டும். மாற்றிச் செய்தால் வெளி மேற்கோளும் இரட்டிப்பாகிவிடும். பல நிரல்மொழிகளின் பழக்கத்தில் \" என்று எழுதினால் எக்செல் அதை ஏற்காது. வேர்டு தானாகப் போடும் வளைந்த மேற்கோளும் பயன்படாது. கமாவுக்கும் தொடக்க மேற்கோளுக்கும் இடையே ஓர் இடைவெளி விழுந்தாலும், பல நிரல்கள் அந்த மேற்கோளை வெறும் எழுத்தாகவே எடுத்துக்கொள்ளும். மூடும் மேற்கோள் விடுபட்டால் பின்வரும் வரிசைகள் ஒரே செல்லுக்குள் போய்ச் சேரும். நீண்ட பட்டியல் திடீரெனச் சுருங்கித் தெரிந்தால் முதலில் அதைத்தான் தேட வேண்டும்.

நிரல் எழுதுபவர்கள் இந்த விதிகளைத் தாங்களே கையாள வேண்டியதில்லை. பைத்தானின் csv தொகுதி, தேவைப்படும் செல்களுக்கு மட்டும் மேற்கோள் போட்டுத்தரும்.

```
import csv
with open("stock.csv", "w", newline="",
          encoding="utf-8-sig") as f:
    csv.writer(f).writerow([101, '43" டிவி',
        '12, வடக்குத் தெரு\nமதுரை', 28500])
```

newline="" விடுபட்டால் விண்டோஸில் ஒவ்வொரு வரிசைக்குப் பின்னும் வெற்று வரி தோன்றும். utf-8-sig இருந்தால் எக்செலில் தமிழ் எழுத்துகள் சிதையாது.

எழுதிய கோப்பை csv.reader மூலம் மீண்டும் படித்து, ஒவ்வொரு வரிசையிலும் நான்கு செல்கள் இருக்கின்றனவா என்று எண்ணிப் பார்க்கலாம். முதலில் கண்ட கோப்பின் முதல் வரி இந்தச் சோதனையில் தப்பினாலும், இரண்டே செல்கள் கொண்ட அடுத்த வரி மாட்டிக்கொள்ளும். கோப்பை வரிவரியாக மட்டுமே படிக்கும் பழைய மென்பொருளுக்கு அனுப்புவதானால் மேற்கோளும் காப்பாற்றாது. அங்கே முகவரியின் வரிமுறிவை எழுதும்போதே இடைவெளியாக மாற்றிவிட வேண்டும்.