எடுக்காத கே.வி.ஏ.வுக்கும் காசு

மாவட்டத் தலைநகர் ஒன்றில் நான்கு மாடி ஜவுளிக்கடை இருப்பதாக வைத்துக்கொள்வோம். உயரழுத்த இணைப்பு, சொந்த மின்மாற்றி, மாடிக்கு மாடி ஏ.சி. மின்கட்டணத்தைக் குறைக்க வேண்டும் என்று முதலாளி நினைத்தால் முதலில் செய்வது, ஊழியர்களிடம் விளக்கை அணைக்கச் சொல்வதுதான். அதில் யூனிட் கொஞ்சம் குறையும். ஆனால் பில்லில் யூனிட்டோடு சேராத இரண்டு வரிகள் உண்டு. ஒன்று டிமாண்ட் கட்டணம். மற்றது பவர் ஃபாக்டர் குறைவுக்கான அபராதம். இந்த இரண்டிலும் விளக்கை அணைப்பதால் பெரிதாக எதுவும் மாறாது.

மாதம் எவ்வளவு மின்சாரம் செலவானது என்பதை யூனிட் சொல்லும். ஒரே நேரத்தில் அதிகபட்சமாக எவ்வளவு இழுத்தீர்கள் என்பதைச் சொல்வது டிமாண்ட். அதன் அளவு கே.வி.ஏ. தமிழ்நாட்டில் உயரழுத்த வணிக இணைப்புக்கு ஒரு கே.வி.ஏ.வுக்கு மாதம் 350 ரூபாயாக இருந்த இந்தக் கட்டணம், 2022 செப்டம்பரில் 550 ஆனது. அதன்பின் ஜூலை மாத உயர்வுகளும் சேர்ந்தன. கணக்குக்கு எளிதாக 600 என்றும், யூனிட்டை 9 ரூபாய் என்றும் வைத்துக்கொள்வோம்.

கடைக்காரர் வாரியத்தோடு செய்த ஒப்பந்தம் 400 கே.வி.ஏ. மீட்டர் காட்டும் உச்சம் 300. ஆனால் பில் வருவது 360-க்கு. பதிவான உச்சம், ஒப்பந்த அளவில் 90 சதவீதம், இந்த இரண்டில் எது அதிகமோ அதற்குத்தான் கட்டணம் என்பது விதி. பந்திக்கு 400 இலை சொல்லிவிட்டு 300 பேர் மட்டும் வந்தாலும் 360 இலைக்குக் காசு கொடுப்பது போலத்தான். ஆக மாதம் 2,16,000 ரூபாய். பலர் இந்த விதியைக் கவனிக்காமலே உச்சத்தைக் குறைக்கப் பணம் போடுகிறார்கள்.

அடுத்தது பவர் ஃபாக்டர். ஏ.சி. கம்ப்ரசர், லிஃப்ட், பம்ப் மோட்டார்களுக்கு வேலை செய்யும் மின்சாரத்தோடு, காந்தப்புலத்தை உண்டாக்க இன்னொரு பங்கும் வேண்டும். அந்தப் பங்கு யூனிட்டாகப் பதிவாகாது, ஆனால் கம்பியில் இடம் பிடிக்கும். நம் கடையின் உண்மையான உச்ச வேலை 240 கிலோவாட். இழுப்பதோ 300 கே.வி.ஏ. ஒன்றை மற்றதால் வகுத்தால் 0.80. உயரழுத்த இணைப்பில் 0.90-க்குக் கீழே போனால் அபராதம். 0.85 வரை, குறையும் ஒவ்வொரு 0.01-க்கும் மின்பயன்பாட்டுக் கட்டணத்தில் ஒரு சதவீதம். 0.85-க்கும் கீழே இறங்கினால் 0.90-லிருந்தே எண்ணி ஒவ்வொன்றுக்கும் ஒன்றரை சதவீதம். ஆகவே 0.85-இல் ஐந்து சதவீதமாக இருக்கும் அபராதம், 0.84-இல் ஒரேயடியாக ஒன்பது ஆகிவிடும். மாத சராசரியும் 0.80 என்றால் பதினைந்து சதவீதம். மாதம் 60,000 யூனிட் ஓடும் கடைக்கு அது 81,000 ரூபாய்.

இங்கே வேலையை எந்த வரிசையில் செய்கிறோம் என்பது முக்கியம். முதலில் கெப்பாசிட்டர். 0.80-ஐ 0.96-க்கு உயர்த்த இந்தக் கடைக்கு சுமார் 110 கே.வி.ஏ.ஆர். போதும். சுமைக்கேற்பத் தானாகச் சேர்த்தும் விலக்கியும் இயங்கும் ஏ.பி.எஃப்.சி. பேனலாக இருப்பது நல்லது. அபராதம் நின்றுவிடும். அதே 240 கிலோவாட் இப்போது 250 கே.வி.ஏ.வாக இறங்கும். ஆனால் டிமாண்ட் வரியில் ஒரு ரூபாய்கூடக் குறையாது. 360 அப்படியே நிற்கும்.

இரண்டாவது, உச்சம் எந்த நேரத்தில் வருகிறது என்று பார்ப்பது. மீட்டரின் சுமைப் பதிவை வாரியத்திடம் கேட்டு வாங்கலாம். மோட்டார் ஸ்டார்ட் ஆகும்போது இழுக்கும் மின்னோட்டம்தான் டிமாண்டை ஏற்றுகிறது என்று சொல்லி சாஃப்ட் ஸ்டார்ட்டர் விற்பவர்கள் உண்டு. அது உண்மையில் சொற்பம். மீட்டர் கணக்கிடுவது ஒரு கணத்தை அல்ல, 15 நிமிடம் அல்லது அரை மணி நேரச் சராசரியை. பத்து விநாடி ஆறு மடங்கு இழுத்தாலும் 15 நிமிடத்தில் அந்த மோட்டாரின் பங்கு ஐந்தாறு சதவீதம்தான் கூடும். உண்மையான காரணம், இரவெல்லாம் சூடேறிய கட்டடத்தைக் குளிர்விக்கக் காலையில் எல்லாக் கம்ப்ரசரும் ஒன்றாக முழுச் சுமையில் ஓடுவது. கடை திறக்கும் முன்பே மாடி மாடியாக, இடையே இருபது முப்பது நிமிட இடைவெளி விட்டு ஓடவிட்டால் காலை உச்சம் தணியும். மாலைக் கூட்டத்து உச்சத்தில் அதிகம் கைவைக்க முடியாது. வியர்வையில் யாரும் பட்டு எடுக்கமாட்டார்கள். இந்தக் கடை 235 வரை வரும் என்று கொள்வோம்.

இப்போதுதான் மூன்றாவது வேலை, ஒப்பந்தத்தைக் குறைக்கக் கேட்பது. எவ்வளவுக்கு? ஆடியிலும் தீபாவளியிலும் உச்சம் 275 போகும். 280 கேட்பதுதான் பத்திரம் என்று தோன்றும். ஆனால் 280-இன் 90 சதவீதம் 252; சாதாரணமான பத்து மாதமும் 252-க்குக் கட்ட வேண்டும். 260 கேட்டால் அந்தப் பத்து மாதமும் 235-க்குக் கட்டினால் போதும். இரண்டு விழா மாதத்தில் 15 கே.வி.ஏ. மிஞ்சும், மிஞ்சியதற்கு இரட்டைக் கட்டணம். வருடக் கணக்குப் போட்டால் 280-க்கு 18,42,000, 260-க்கு 17,58,000. பழைய 400-க்கு 25,92,000. இரட்டைக் கட்டணம் கேட்கப் பயமாக இருந்தாலும் வருடத்துக்கு இரண்டு முறை கட்டுவது மலிவு. ஆனால் அடிக்கடி மீறினால் வாரியம் ஒப்பந்தத்தை உயர்த்தச் சொல்லும். அடுத்த ஆண்டு ஒரு மாடி ஏற்றும் எண்ணம் இருந்தால் 260-ஐ நினைக்க வேண்டாம். குறைத்ததைத் திரும்பக் கூட்டுவது விண்ணப்பம், கட்டணம், காத்திருப்பு என்று இழுக்கும். ஆகவே ஒரு முழு ஆண்டின் பதிவு கையில் இல்லாமல் மனு போடாதீர்கள்.

கெப்பாசிட்டர் பேனலை வாங்கி வைத்துவிட்டு மறப்பதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. எல்.இ.டி. டிரைவர், யு.பி.எஸ்., இன்வெர்ட்டர் ஏ.சி. எல்லாம் ஹார்மோனிக்ஸைக் கிளப்பும். அதில் கெப்பாசிட்டர் சூடாகி, உப்பி, சத்தமில்லாமல் சாகும். பேனலில் விளக்கு எரிந்துகொண்டே இருக்கும். எலக்ட்ரீஷியனை கிளாம்ப் மீட்டரால் அளக்கச் சொன்னால் தெரிந்துவிடும்: 25 கே.வி.ஏ.ஆர். கெப்பாசிட்டர் ஒவ்வொரு ஃபேஸிலும் 30 ஆம்பியர் சுமாருக்கு எடுக்க வேண்டும். 15 காட்டினால் பாதி போய்விட்டது. ஹார்மோனிக்ஸ் அதிகமுள்ள கடையில் ஒவ்வொரு கெப்பாசிட்டருக்கும் ரியாக்டர் சேர்த்த பேனல்தான் நிலைக்கும்.

இப்போது பலரை மாட்டிவிடுவது மொட்டைமாடி சோலார். பேனல் கிலோவாட்டை மட்டும் கொடுக்கிறது. காந்தப் பங்கு வெளியிலிருந்தே வர வேண்டும். திருத்தியபின் நம் கடை இழுத்தது 240 கிலோவாட்டும் 70 கே.வி.ஏ.ஆரும். நண்பகலில் சோலார் 100 கிலோவாட் தந்தால் வாரியத்திடமிருந்து வருவது 140 கிலோவாட், ஆனால் அதே 70 கே.வி.ஏ.ஆர். பவர் ஃபாக்டர் 0.89. நாள்தோறும் பகலில் இப்படியே ஓடினால் மாத சராசரியும் கீழே இழுபடும். யூனிட் குறைந்த சந்தோஷத்தில் இதை யாரும் பார்ப்பதில்லை. மாலை உச்சமும் சூரியன் போனபின் அப்படியேதான் நிற்கும். சோலார் வைத்தபின் ஏ.பி.எஃப்.சி. இலக்கை 0.99-க்கு ஏற்றி, அதன் சி.டி. சோலார் இணையும் இடத்துக்கு மேலே, மின்மாற்றிப் பக்கத்தில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கீழே இருந்தால் பேனல் கடையின் சுமையை மட்டும் பார்த்துக்கொண்டு எல்லாம் சரி என்று காட்டிக்கொண்டிருக்கும், அபராதம் மட்டும் பில்லில் வந்துகொண்டே இருக்கும்.