ஒரே ஆய்வேடு, இரண்டு பெயர்

எம்.எஸ்சி. கடைசிப் பருவத்தில் எழுதிக் கொடுத்த அறுபது பக்கத்தை மதிப்பெண் சான்றிதழ் ‘டிசர்ட்டேஷன்’ என்கிறது. அமெரிக்கப் பல்கலைக்கழகத்தின் விண்ணப்பமோ ‘மாஸ்டர்ஸ் தீசிஸ்’ தலைப்பைக் கேட்கிறது. நாம் எழுதியது அது இல்லையோ என்று அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டுவிடும் மாணவர்கள் உண்டு. விட வேண்டியதில்லை, இரண்டும் ஒன்றுதான்.

பிரிட்டனில் முதுநிலைக்கு எழுதுவது பொதுவாக டிசர்ட்டேஷன், முனைவர் பட்டத்துக்கு எழுதுவது தீசிஸ். அமெரிக்காவில் அப்படியே தலைகீழ். நம் பல்கலைக்கழகங்கள் பெரும்பாலும் பிரிட்டன் வழக்கில் போகின்றன. தமிழில் இந்தக் குழப்பமே இல்லை: எம்.பில்.லுக்கும் ஆய்வேடு, பிஎச்.டி.க்கும் ஆய்வேடு. (எம்.பில். படிப்பை யுஜிசியின் 2022 விதிகள் நிறுத்திவிட்டன.)

ஆனால் ‘தீசிஸ்’ என்ற சொல்லுக்கு இன்னொரு பொருள் உண்டு. அந்தக் கிரேக்கச் சொல் முன்வைக்கப்பட்ட கூற்றைக் குறிக்கும். மணிமேகலையின் 29ஆம் காதை பக்கம், ஏது, திட்டாந்தம் என்று வாதத்தின் உறுப்புகளைச் சொல்கிறதே, அதில் வரும் ‘பக்கம்’ இதற்கு நெருக்கமானது. நிறுவ வேண்டிய கூற்று அது. நெறியாளர் “உன் தீசிஸ் என்ன?” என்று கேட்டால் தலைப்பைச் சொல்லக் கூடாது, அந்தக் கூற்றைச் சொல்ல வேண்டும்.

கற்பனையாக ஒரு மாணவியை எடுத்துக்கொள்வோம். தருமபுரி மாவட்டக் கிணறுகளில் ஃபுளோரைடு அதிகம் என்பது தெரிந்த செய்தி. அவர் மே மாதத்தில் 24 கிணறுகளில் நீர் எடுத்து அளக்கிறார். குடிநீரில் ஃபுளோரைடு லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும், வேறு நீர் கிடைக்காத இடத்தில் 1.5 வரை பொறுக்கலாம் என்பது இந்தியத் தர அளவு. 15 கிணறுகள் 1.5ஐத் தாண்டுகின்றன. ‘தருமபுரி நிலத்தடி நீரில் ஃபுளோரைடு: ஓர் ஆய்வு’ என்று தலைப்பிட்டால் அது அளவீட்டு அறிக்கை, முதுநிலைக்கு அதுவே போதும். ‘ஆழமான கிணறுகளில் ஃபுளோரைடு கூடுகிறது, ஏனெனில் அங்கே நீர் பாறையோடு நீண்ட காலம் கிடக்கிறது’ என்றால்தான் அது கூற்று. முனைவர் பட்டத்துக்கு அது இல்லாமல் முடியாது.

பிஎச்.டி. ஆய்வேட்டை நெறியாளரும், அந்த நிறுவனத்தைச் சேராத குறைந்தது இரண்டு வெளித் தேர்வாளர்களும் மதிப்பிட வேண்டும் என்கிறது 2022 விதி. ஒரு வெளித் தேர்வாளர் ஏற்காவிட்டால் ஆய்வேடு மாற்றுத் தேர்வாளருக்குப் போகும். அவர் பரிந்துரைத்தால்தான் வாய்மொழித் தேர்வு. இவர்கள் பார்ப்பது ஆளை: இவரால் தனியாக ஆய்வு நடத்த முடியுமா?

ஆய்விதழின் சக மதிப்பாய்வு வேறு. மாணவி அந்த ஆய்விலிருந்து ஒரு கட்டுரை அனுப்புகிறார். ஆசிரியர் முதலில் பார்ப்பார். இதழுக்குப் பொருந்தாததை மதிப்பாய்வாளருக்கு அனுப்பாமலே திருப்பிவிடுவார். தேறினால் வழக்கமாக இரண்டு மூன்று பேருக்குப் போகும். அவர்கள் பெயர் மாணவிக்குத் தெரியாது. சில இதழ்களில் மாணவியின் பெயரும் அவர்களுக்குத் தெரியாது. ஒருவர் கேட்கிறார்: மே மாதம் மட்டும்தானே அளந்தீர்கள்? வடகிழக்குப் பருவமழைக்குப் பின் நீர் ஏறினால் இதே அளவு நிற்குமா? இன்னொருவர்: ஆழத்தைக் கிணற்றுக்காரரிடம் கேட்டு எழுதினீர்களா, அளந்தீர்களா?

இந்தக் கேள்விகள் ‘பெரிய திருத்தம்’ என்ற முடிவோடு வரும். மாணவர்கள் இதை நிராகரிப்பு என்று எண்ணி முடங்கிவிடுகிறார்கள். உண்மையில் கதவு திறந்திருக்கிறது என்றுதான் அர்த்தம். டிசம்பரில் மீண்டும் நீர் எடுக்கலாம். முடியாவிட்டால் கூற்றைச் சுருக்கி ‘கோடைக்கால அளவில்’ என்று எழுதலாம். எதைச் செய்தோம், எதை ஏன் செய்யவில்லை என்று ஒவ்வொரு கேள்விக்கும் தனித்தனியே பதில் எழுத வேண்டும். என் பார்வையில் கட்டுரையைக் காப்பாற்றுவது பெரும்பாலும் இந்தப் பதில் கடிதம்தான்.

மதிப்பாய்வாளர் கிணற்றடிக்கு வருவதில்லை. எண்களை இட்டுக்கட்டியிருந்தால் அவர் கண்ணில் படாமலே போகலாம். மதிப்பாய்வு என்று பெயர் மட்டும் வைத்திருக்கும் இதழ்களும் உண்டு. ஜான் போஹனன் என்ற அறிவியல் செய்தியாளர் வேண்டுமென்றே பிழைகள் நிறைந்த போலிக் கட்டுரை ஒன்றை 304 இதழ்களுக்கு அனுப்பினார். 157 இதழ்கள் ஏற்றன. 2013இல் ‘சயின்ஸ்’ இதழ் இந்தச் சோதனையின் முடிவை வெளியிட்டது. இரண்டே நாளில் ஒரு கேள்வியும் இல்லாமல் ‘ஏற்கப்பட்டது’ என்று மடல் வந்து, கூடவே கட்டண ரசீதும் வந்தால், அங்கே யாரும் படிக்கவில்லை என்று வைத்துக்கொள்ளலாம்.

ஆய்வேடு தருமுன் கட்டுரை வெளியிட்டிருக்க வேண்டும் என்ற 2016 விதியின் கட்டாயத்தை 2022 விதி எடுத்துவிட்டது. ஆனாலும் பல பல்கலைக்கழகங்கள் தம் விதியில் அதை வைத்திருக்கின்றன. சேருமுன் அந்தப் பல்கலைக்கழகத்தின் பிஎச்.டி. விதிமுறையை வாங்கிப் படியுங்கள். கட்டுரை கட்டாயம் என்றிருந்தால், மாணவியின் டிசம்பர் நீரெடுப்பு முதல் ஆண்டுத் திட்டத்திலேயே இருக்க வேண்டும்.