டோக்கன் மேசைக்கு எவ்வளவு தெரிய வேண்டும்?

ஒரு டாக்டர், ஒரு நர்ஸ், டோக்கன் கொடுக்கும் ஒரு பெண், வாரத்தில் சில நாள் வந்துபோகும் பிசியோதெரபிஸ்ட். இப்படியொரு சின்ன கிளினிக், நோயாளிகளின் ஃபைல்களைக் கிளவுடுக்கு மாற்றுகிறது என்று வைத்துக்கொள்வோம். நால்வருக்கும் ஒரே கணக்கு, ஒரே பாஸ்வேர்டு. நோயாளிக்கு ஒரு ஃபோல்டர். முகவரியிலிருந்து ரத்தப் பரிசோதனை முடிவு வரை எல்லாம் அதற்குள்.

கிளவுட் நிறுவனம் கோப்புகளை என்னதான் பூட்டி வைத்தாலும், சரியான பாஸ்வேர்டோடு வருபவருக்குத் திறந்துதான் கொடுக்கும். மனச்சோர்வுக்கு மருந்து எடுக்கும் ஒரு பெண்ணின் தெருவிலேயே டோக்கன் கொடுப்பவரும் குடியிருந்தால், அந்த நோயாளிக்கு இதுதான் முதல் ஆபத்து. ஹேக்கர் அதற்குப் பிறகுதான்.

கூகுள் டிரைவ் போன்றவற்றில் ஒரு ஃபோல்டரைப் பகிர்ந்தால் அதற்குள் இருப்பதெல்லாம் சேர்ந்தே பகிரப்படும். ஆகவே ஆளுக்கொரு ஃபோல்டர் என்பதை விட்டு, வேலையைப் பார்த்துப் பிரிக்க வேண்டும். பெயர், போன், வரும் தேதி ஆகியவை ‘பதிவு’க்குள், டோக்கன் மேசைக்கு அது மட்டும் போதும். ரத்த அழுத்தமும் ஒவ்வாமையும் நர்ஸ் எழுதும் தாளில். நோய் விவரமும் மருந்தும் டாக்டரிடம். பிசியோதெரபிஸ்ட்டுக்கு, டாக்டர் அனுப்பும் நோயாளியின் குறிப்பு மட்டும். இவற்றை இணைப்பது நோயாளி எண். கோப்பின் பெயரும் அந்த எண்ணும் தேதியுமாகவே இருக்கட்டும். பெயரில் நோயை எழுதிவிட்டால் பட்டியலைப் பார்த்தாலே விஷயம் வெளியாகிவிடும்.

இது நிற்க, ஒவ்வொருவருக்கும் தனிக் கணக்கு வேண்டும். அப்போதுதான் எந்தக் கோப்பை யார், எப்போது திறந்தார் என்ற பதிவுக்கு அர்த்தம் உண்டு. அன்று கிளினிக்குக்கே வராத நோயாளியின் கோப்பு இரவில் திறக்கப்பட்டிருந்தால் கேட்டுத்தான் ஆக வேண்டும். இலவசக் கணக்கில் இந்தப் பதிவு முழுமையாகக் கிடைக்காது. இதற்காகவே பணம் கட்டி நிறுவனக் கணக்கு வாங்கலாம் என்பேன். எல்லாம் அமைத்தபின் டோக்கன் மேசைக் கணக்கில் நுழைந்து ஒரு நோயாளியைத் தேடிப் பாருங்கள். மருந்துச் சீட்டு வந்தால் பிரிப்பில் ஓட்டை இருக்கிறது.

அடுத்தது சம்மதம். 2023-ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், எதற்காகத் தகவல் வாங்குகிறோம் என்று தெளிவாகச் சொல்லிக் கேட்கச் சொல்கிறது. தமிழில் கேட்கவும் நோயாளிக்கு உரிமை உண்டு. ஒரே கையெழுத்தில் எல்லாவற்றையும் அடக்காமல், ஆவணம் வைப்பது, வேறொருவருக்கு அனுப்புவது, வாட்ஸ்அப் நினைவூட்டல் எனத் தனித்தனியே கேட்பது நல்லது. மேற்படிப் பெண் முதல் இரண்டுக்கும் சரி என்கிறார். மூன்றாவதற்கு வேண்டாம் என்கிறார், ஏனென்றால் அவர் கொடுத்த எண் கணவருடையது. அந்த ‘வேண்டாம்’ டாக்டரின் கோப்பில் இருந்து பயனில்லை. செய்தி அனுப்புபவர் பார்க்கும் ‘பதிவு’த் தாளில், போன் எண்ணுக்குப் பக்கத்திலேயே இருக்க வேண்டும்.

சம்மதம் தருவது எவ்வளவு எளிதோ, திரும்பப் பெறுவதும் அவ்வளவு எளிதாக இருக்க வேண்டும் என்கிறது அதே சட்டம். பிசியோதெரபிஸ்ட் இனிப் பார்க்க வேண்டாம் என்று அவர் சொன்னால், டாக்டர் பகிர்வை நீக்கிவிடலாம். ஆனால் ஏற்கெனவே டவுன்லோடு செய்த பிரதியைக் கிளவுடால் திரும்ப வாங்க முடியாது. பகிரும்போதே டவுன்லோடு வசதியை அணைத்துவைப்பது ஓரளவு உதவும். திரையைப் போட்டோ எடுப்பதை அதுவும் தடுக்காது.