அழுகை நிற்காத கதை

கைக்குழந்தை இருக்கும் வீட்டில் விளக்கு வைக்கும் நேரத்துக்கு மேல் இது அடிக்கடி நடக்கும். தூளியில் பாப்பா வீறிட்டு அழும். ஒன்றாம் வகுப்புப் படிக்கும் அக்கா தூளியைப் பிடித்து ஆட்டத் தொடங்குவாள். முதலில் மெல்லத்தான். அழுகை நிற்காது. கொஞ்சம் வேகமாக ஆட்டுவாள். அப்போதும் நிற்காது. தூளி சுவரைத் தொட்டுவிடும் போலப் போகும்போதுதான் அடுப்படியிலிருந்து யாராவது ஓடி வருவார்கள். "பாப்பா மேல பொறாமை இவளுக்கு" என்று தீர்ப்பும் வந்துவிடும்.

பொறாமை இல்லாமல் இல்லை. ஆனால் பல நேரம் அந்த முரட்டுக் கைக்குக் காரணம் வேறு. அழுகையை நிறுத்த அவளுக்குத் தெரிந்தது ஒரே வழி. அது பலிக்கவில்லை, அதனால் அதையே இன்னும் பலமாகச் செய்கிறாள். ஆறு வயதுப் பிள்ளைக்கு இதைப் பற்றி ஒரு கதை சொல்வதானால் இந்த இடத்திலிருந்துதான் தொடங்க வேண்டும்.

வழக்கமான கதையில் அக்கா ஒரு பாட்டுப் பாடுவாள், பாப்பா சட்டென்று அழுகையை நிறுத்திச் சிரிக்கும், எல்லாரும் கைதட்டுவார்கள். கேட்ட பிள்ளை அன்று சாயங்காலமே பாடிப் பார்க்கும். பாப்பா அழுதுகொண்டே இருக்கும். முகம் பார்த்துச் சிரிப்பதே ஏறக்குறைய ஆறு வாரத்துக்குப் பிறகுதான் வரும் என்பதால், சிரிப்பும் கிடைக்காது. தன்னைப் பாப்பாவுக்குப் பிடிக்கவில்லை என்று அவள் முடிவுகட்டிவிடக்கூடும்.

அமெரிக்கக் குழந்தை மருத்துவர் பெரி பிரேசல்டன் 1962இல் ஓர் ஆய்வை வெளியிட்டார். 80 குழந்தைகளின் தாய்மார்கள் தினமும் அழுகை நேரத்தைக் குறித்துவைத்தார்கள். எல்லாம் நோய்நொடி இல்லாத குழந்தைகள். இரண்டாவது வாரத்தில் நாளுக்கு ஏறத்தாழ ஒன்றே முக்கால் மணி நேரமாக இருந்த அழுகை, ஆறாவது வாரத்தில் இரண்டே முக்கால் மணி நேரத்தைத் தொட்டது. பிறகு இறங்கியது. மாலையில்தான் அதிகம். மூன்று, நான்கு மாதத்தில் பெரும்பாலும் அடங்கிவிடும் இந்த அழுகைக்கு எப்போதும் காரணம் கண்டுபிடிக்க முடியாது. பால் கொடுத்து, துணி மாற்றி, தோளில் போட்டு நடந்த பிறகும் தொடரும். நல்ல கதை இந்த உண்மையை மறைக்காது.

அப்படி ஒரு கதையைப் பார்ப்போம். கயலுக்கு ஆறு வயது. பிரசவத்துக்கு வந்த அம்மா இன்னும் அம்மாச்சி வீட்டில்தான் இருக்கிறாள். தம்பிக்கு ஐந்து வாரம். தூளியை வேகமாக ஆட்டிய கயலின் கையை அம்மாச்சி பிடித்துக்கொள்கிறாள். கயலுக்குக் கோபம். "இவன ஆஸ்பத்திரியிலயே திருப்பிக் குடுத்துருவோம் அம்மாச்சி!" அம்மாச்சி திட்டவில்லை. "காது வலிக்குதாடா? எனக்குந்தான் வலிக்குது" என்கிறாள்.

இந்த ஒரு வரி கதைக்குத் தேவை. கோபப்பட்ட அக்காவைக் கெட்ட பிள்ளையாக்கினால், கேட்கிற பிள்ளை அங்கேயே கதையை விட்டு இறங்கிவிடும். எஸ்ரா ஜாக் கீட்ஸ் 1967இல் வெளியிட்ட ‘பீட்டர்ஸ் சேர்’ என்ற படக்கதையில், தன் தொட்டிலுக்கும் உயர நாற்காலிக்கும் தங்கைக்காக இளஞ்சிவப்பு வண்ணம் அடிக்கப்பட்டதைக் கண்ட சிறுவன், மிச்சமிருக்கும் குட்டி நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வீட்டைவிட்டு வெளியேறுகிறான். அதில் உட்காரப் பார்த்தபோது இடம் போதவில்லை. தான் வளர்ந்துவிட்டதை அவனே கண்டுகொள்கிறான். அவன் திரும்பி வருவதற்கு யாருடைய உபதேசமும் தேவைப்படவில்லை.

கயலின் கதைக்குத் திரும்புவோம். "அவனுக்கு என்ன வேணும்னு பாப்பமா?" என்கிறாள் அம்மாச்சி. பால் குடித்தானா? இப்போதுதான் குடித்தான். துணி ஈரமா? கயல் தொட்டுப் பார்க்கிறாள், காய்ந்துதான் இருக்கிறது. உடம்பில் எறும்பு, கொசு ஏதாவது? இல்லை. "வயித்துல காத்து இருக்குமோ, வெளிச்சம் கண்ண கூசுதோ? அவனுக்குச் சொல்லத் தெரியல பாரு."

அம்மாச்சி இப்படிப் பேசுவதற்கு ஓர் ஆதாரமும் உண்டு. இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் 40 குடும்பங்களை, இரண்டாவது குழந்தை பிறப்பதற்கு முன்பும் பின்பும் ஜூடி டன், கரோல் கென்ட்ரிக் என்ற உளவியலாளர்கள் வீட்டுக்கே போய்க் கவனித்தார்கள். 1982இல் வந்த அவர்களுடைய நூல் சொல்லும் முக்கியமான செய்தி இது: புதிய குழந்தையை விருப்பமும் தேவையும் உள்ள ஓர் ஆளாக மூத்த பிள்ளையிடம் தாய் பேசிவந்த வீடுகளில், மாதங்கள் கழித்தும் பிள்ளைகளுக்குள் இணக்கம் கூடுதலாக இருந்தது. அங்கிருந்த மூத்த பிள்ளைகள் பெரும்பாலும் ஆறு வயதைவிடச் சிறியவர்கள். ஆறு வயதுப் பிள்ளையோடு இந்தப் பேச்சை இன்னும் விரிவாகவே பேசலாம்.

அடுத்தது கையின் பாடம். "மெதுவா, மெதுவா" என்று நூறு தடவை சொன்னாலும் எவ்வளவு மெதுவாக என்று பிள்ளைக்குத் தெரியாது. அம்மாச்சி ஒற்றை விரலால் கயலின் கன்னத்தைத் தடவுகிறாள். "இப்ப இதே மாதிரி என் கையில தடவு." கயல் தடவுகிறாள், கொஞ்சம் அழுத்திவிடுகிறது. இன்னொரு தடவை. சரியாக வந்ததும் தம்பியின் பாதத்தில். முகத்தில் வேண்டாம், பாதத்தில்தான். பள்ளிக்கூடத்திலிருந்து வரும் சளி தம்பியின் மூக்குக்கும் வாய்க்கும் போகாமல் இருக்கட்டும். அப்படியே அவன் உச்சிக்குழி துடிப்பதையும் அம்மாச்சி காட்டுகிறாள். அங்கே எலும்பு இன்னும் ஒன்றுசேரவில்லை, ஒன்று ஒன்றரை வயதுக்குள் மூடிவிடும், அதுவரை அழுத்தக் கூடாது. பயமுறுத்தாமல் சொன்னால் ஆறு வயதுக்கு இது பெரிய அதிசயம்.

பிறகு, "உன் வெரல அவன் உள்ளங்கையில வையி" என்கிறாள். கயல் வைக்கிறாள். தம்பி இறுக்கிப் பிடித்துக்கொள்கிறான். இழுத்துப் பார்க்கிறாள், விடவில்லை. கைக்குழந்தைகளுக்கு இது பிறவியிலேயே உள்ள அனிச்சைச் செயல், ஐந்தாறு மாதத்தில் மறைந்துவிடும். அதைப் பாசம் என்று கயல் எடுத்துக்கொண்டால் கெட்டுப்போவது ஒன்றுமில்லை. இதுவரை அவள்தான் தம்பியைப் பிடித்து ஆட்டிக்கொண்டிருந்தாள், இப்போது அவன் பிடித்திருக்கிறான். அவள் சும்மா இருந்தால் போதும்.

தம்பி இன்னும் அழுகிறான். கயல் அவன் முகத்துக்கு ஒரு முழத்துக்கும் குறைவான தூரத்தில் குனிகிறாள். அதைத் தாண்டினால் அவனுக்கு முகம் கலங்கலாகத்தான் தெரியும். "அக்கா இங்கதான் இருக்கேன்டா" என்கிறாள். கொஞ்ச நேரம் கழித்து அவன் தூங்கிப்போகிறான். அக்காவின் பேச்சாலா, அழுத களைப்பாலா, யாருக்கும் தெரியாது. மறுநாள் சாயங்காலம் மறுபடி அழுகிறான், கயல், "அம்மாச்சி, ஆரம்பிச்சிட்டான்!" என்று கூப்பிடுகிறாள்.

பெரியவரைக் கூப்பிடுவதும் மென்மையாக இருப்பதில் சேர்ந்ததுதான். கதையில் அதற்கு இடமில்லாவிட்டால், அக்கா தானாகவே பாப்பாவைத் தூக்கிக் குலுக்கலாம், அழுகையை நிறுத்த வாயில் பிஸ்கட் துண்டையோ மிட்டாயையோ வைக்கலாம். குலுக்கினால் மூளையில் இரத்தம் கசியும் அபாயம் உண்டு. ஆறு மாதம் வரை தாய்ப்பால் தவிர வேறெதுவும் தேவையில்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். மடியில் வைத்துக்கொள்ள ஆசைப்பட்டால் தரையில் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்து, கைக்கடியில் தலையணை வைத்து, பக்கத்தில் பெரியவர் ஒருவர் பாப்பாவின் தலையைத் தாங்கிக்கொண்டிருக்க வேண்டும்.

கதையைச் சொல்ல நல்ல நேரம் பகல், பாப்பா தூங்கும்போது. அழுகை நடுவில் சொன்னால் யார் காதிலும் ஏறாது. "தம்பிய நெஜமாவே திருப்பிக் குடுத்துருவாங்களா?" என்று பிள்ளை கேட்டால், அந்தக் கேள்வியில் பாதி தன்னைப் பற்றியதாகவும் இருக்கலாம். பெரியவர்கள் தனியே தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று உண்டு. மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு உடல்சூடு 38 டிகிரி செல்சியஸைத் தொட்டாலோ, பால் குடிக்க மறுத்தாலோ, துவண்டு கிடந்தாலோ, அழுகையின் குரலே மாறிக் கீச்சென்று ஒலித்தாலோ அது சாயங்கால அழுகை அல்ல. உடனே மருத்துவரிடம் போக வேண்டும்.